உலையை அணைத்த பிறகு

உயர்தரப் பௌதிகவியல் வகுப்பில் கருப்பிளவு பாடம் முடிந்த கையோடு பிள்ளைகளை இரண்டு பக்கமாகப் பிரித்து ஒரு விவாதம் வைப்பது என் வழக்கம். இலங்கைக்கு அணுமின் நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் தலைப்பு. திருகோணமலையில், ஜன்னலைத் திறந்தால் துறைமுகக் காற்று தாள்களைக் கிளப்பிக்கொண்டு போகும் ஒரு மேல்மாடி அறை. வேண்டும் என்ற பக்கம் காபன் கணக்கைச் சொல்லும். வேண்டாம் என்ற பக்கம் செர்னோபில், புகுஷிமா, கழிவு என்று அடுக்கும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடாமலே பேசி முடித்துவிடும்.

இந்த முறை கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு பிள்ளை, எந்தப் பக்கத்திலும் சேராமல் இருந்துவிட்டு, கடைசியில் கையைத் தூக்கினாள். "சேர், சுனாமி வருகுது எண்டு தெரிஞ்சா சுவிட்சை ஓஃப் பண்ணிட்டா சரிதானே? பிறகென்ன பிரச்சினை?"

அன்றைக்குப் பத்து நிமிடத்தில் ஏதோ சொல்லி முடித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், காபன், விபத்து, கழிவு என்று நாம் மூன்றாகப் பிரித்துப் பேசுவதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அணு உலைக்கு முழுமையாக அணைக்கிற சுவிட்ச் கிடையாது. நல்லது கெட்டது எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் வேண்டும் என்ற பக்கத்துக்கு நியாயம் செய்துவிடுவோம், ஏனென்றால் அவர்களுடைய கணக்கு உண்மையிலேயே பலமானது. சுரங்கத்தில் தாது தோண்டுவது முதல் நிலையத்தைக் கட்டி, ஓட்டி, பிரித்துப் போடுவது வரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 820 கிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயுவை வெளிவிடுகிறது. இது காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2014 இல் தொகுத்த நடுமதிப்பு. இயற்கை வாயுவுக்கு 490, பெரிய சூரிய மின் பண்ணைக்கு 48. அணுமின்னுக்கு 12, காற்றாலையும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

இதை நமக்குத் தெரிந்த ஒன்றோடு பொருத்திப் பார்க்கலாம். நுரைச்சோலையில் தலா 300 மெகாவாட் கொண்ட மூன்று அலகுகள் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு இருபது லட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி எரிக்கின்றன. ஒரு அலகுக்கு ஏழு, ஏழரை லட்சம் தொன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 300 மெகாவாட்டை ஓர் அணு உலை தந்தால், ஆண்டுக்கு அதிலிருந்து வெளியே எடுக்க வேண்டிய பழைய எரிபொருள் ஏழு தொன் அளவில் இருக்கும். யுரேனியம் ஒட்சைட்டு ஈயத்தைப் போலப் பாரமானது என்பதால், கனஅளவு இன்னும் வேடிக்கையாக வருகிறது: வீட்டுக் கூரைமேல் வைக்கிற 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஒன்றுக்குள் ஒரு வருடத்து எரிபொருள் அடங்கிவிடும். நிலக்கரியின் கழிவோ சாம்பலாகவும் புகையாகவும் எல்லாருடைய நுரையீரலுக்கும் பங்கிடப்படுகிறது.

சூரியனும் காற்றும் இருக்கத்தானே இருக்கின்றன என்று வேண்டாம் என்ற பக்கம் சொல்லும். சரிதான். சம்பூரையே பாருங்கள். 500 மெகாவாட் அனல்மின் நிலையம் வருகிறது என்று பல வருடம் பேசி, போரில் இடம்பெயர்ந்த ஊர்ச்சனம் அதன் பெயரால் திரும்ப முடியாமல் கிடந்து, கடைசியில் 2016 இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இரண்டு கட்டமாக 120 மெகாவாட். ஆனால் இலங்கையில் மின்சாரம் அதிகம் தேவைப்படுவது பின்னேரம் ஆறரைக்குப் பிறகு, விளக்கும் டீவியும் சமையலும் ஒன்றாக வரும் நேரத்தில். அந்த நேரத்துக்குச் சம்பூரின் தகடுகள் தூங்கிவிடும். மின்கலத்தில் சேமிக்கலாம், செலவும் குறைந்துகொண்டு வருகிறது. இருந்தாலும் இரவு பகல் பாராமல், மாரியிலும் கோடையிலும் ஒரே அளவில் ஓடும் காபன் குறைந்த இயந்திரம் என்று தேடினால், நீர்வளம் ஏற்கனவே பெருமளவு பயன்பட்டுவிட்ட ஒரு நாட்டுக்கு அதிகம் தெரிவுகள் இல்லை. அந்த இடத்தில்தான் அணு உலை வந்து நிற்கிறது.

இனி அந்தச் சுவிட்சுக்கு வருவோம்.

யுரேனிய அணு பிளந்தால் இரண்டு துண்டுகள் வரும். அந்தத் துண்டுகள்தான் பிரச்சினை. அவை சமநிலை இல்லாதவை. ஒவ்வொன்றும் தன் பாட்டில் துகள்களையும் கதிர்களையும் விட்டு, படிப்படியாக அடங்கும். சில வினாடியில் அடங்குபவையும் உண்டு, பல நூறு வருடம் எடுப்பவையும் உண்டு. கட்டுப்பாட்டுக் கோல்களை உள்ளே இறக்கினால் பிளவு உடனே நிற்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஏற்கனவே உருவான துண்டுகளின் சிதைவை எந்தக் கோலாலும் நிறுத்த முடியாது. அந்தச் சிதைவு சூடாக வெளிவருகிறது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் கன்னியாவைச் சொல்வேன். அந்த ஏழு கிணற்றுத் தண்ணீரையும் யாரும் அடுப்பு வைத்துச் சூடாக்கவில்லை. மழைநீர் ஆழத்துக்குப் போய், சூடாகி, பாறை வெடிப்பு வழியே மேலே வருகிறது. பூமியின் உள்ளிருந்து வரும் சூட்டில் ஏறக்குறைய பாதி, பாறைக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை மெல்ல மெல்லச் சிதைவதால் வருவது. நிறுத்த முடியாத சூடு என்றால் என்ன என்று கன்னியாவில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிப் பார்த்திருக்கிறோம். உலையில் இருப்பதும் அதே வகைச் சூடுதான். கோடிக்கணக்கான வருடத்தில் பரவி வரவேண்டியது, அங்கே சில நாளுக்குள் நெருக்கிக்கொண்டு வருகிறது.

எவ்வளவு சூடு? 300 மெகாவாட் மின்சாரம் தரும் உலைக்குள் உண்மையில் 900 மெகாவாட் வெப்பம் உற்பத்தியாகிறது. மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். உலையை அணைத்த அந்தக் கணத்தில் மீதி இருக்கும் சிதைவு வெப்பம் முழு வெப்பத்தில் ஆறரை வீதம் அளவு. அதாவது கிட்டத்தட்ட 60 மெகாவாட். சம்பூர்ச் சூரியத் திட்டத்தின் முதற்கட்டம் 50 மெகாவாட்தான். அணைத்து வைத்த உலை அதைவிட அதிகம் கொட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் அது ஒன்றரை வீதத்துக்கு, 13 மெகாவாட் அளவுக்கு இறங்கும். ஒரு நாளில் நான்கு நான்கரை மெகாவாட். ஒரு வாரத்தில் இரண்டு.

மெகாவாட் என்றால் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே பவுசரில் சொல்கிறேன். கோடையில் நம் கிராமங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் ஒன்று 10,000 லீற்றர் பிடிக்கும் என்று வையுங்கள். பம்புகள் எல்லாம் நின்றுபோய், தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்து ஆவியாக விடுவதுதான் ஒரே வழி என்ற நிலை வந்துவிட்டது. ஒரு லீற்றர் தண்ணீரை அறைவெப்பத்திலிருந்து சூடாக்கி முழுவதும் ஆவியாக்க 2.6 மெகாயூல் வேண்டும். கணக்குப் போட்டால், அணைத்து ஒரு மணித்தியாலத்தில் அந்த உலை மணிக்கு ஏறக்குறைய இரண்டு பவுசர் குடிக்கும். ஒரு நாள் கழித்து, ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு பவுசர். ஒரு வாரம் கழித்தும் மூன்றரை மணித்தியாலத்துக்கு ஒன்று. இது பெரிய உலை கூட இல்லை. கூடங்குளத்தில் ஓடும் ஒவ்வோர் உலையும் இதைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

தண்ணீர் வராவிட்டால் எரிபொருட் கோல்கள் வெளியே தெரியும். அவற்றைச் சுற்றியிருக்கும் சேர்க்கோனியக் குழாய் நீராவியோடு தாக்கம் புரிந்து ஐதரசனை விடும். பிறகு கோல்கள் உருகும். புகுஷிமாவில் வெடித்தது அந்த ஐதரசன்தான். அணுகுண்டு மாதிரி வெடித்தது என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செர்னோபில் வேறு கதை. 1986 இல் அங்கே உலை அணையவே இல்லை, மாறாக வலு கட்டுமீறி ஏறியது. காரீயக் கட்டிகளுக்கு நடுவே எரிபொருளை வைத்த பழைய வடிவமைப்பு, வெளியே தடித்த கொங்கிரீட் கூடும் இல்லை. இன்று யாரும் விற்கவரும் உலை அந்த வகை இல்லை என்பதால் அதை இங்கேயே விடுகிறேன்.

2004 மார்கழி 26 அன்று நம் கரையை அடித்த அதே அலை கல்பாக்கத்தையும் அடித்தது. திருகோணமலையிலிருந்து கல்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 460 கிலோமீற்றர். கிண்ணியாவில் ஆஸ்பத்திரியையே கடல் எடுத்துக்கொண்டு போன அந்தக் காலையில், கல்பாக்கத்தில் ஓர் உலை ஓடிக்கொண்டிருந்தது, மற்றது பராமரிப்புக்காக ஏற்கனவே நின்றிருந்தது. அங்கே கடல்நீரை எடுப்பது கடலுக்கடியில் போகும் ஒரு சுரங்கம் வழியாக. அலை வந்தபோது அந்தச் சுரங்கத்தின் வழியே தண்ணீர் மேலேறிப் பம்ப் அறையை நிரப்பியது, பம்புகள் நின்றன. ஊழியர்கள் உலையை நிறுத்தினார்கள். டீசல் ஜெனரேட்டர்கள் உயரத்தில் இருந்ததால் நனையவில்லை. சூடு பாதுகாப்பாக இறங்கியது. சில நாளில் உலை திரும்ப ஓடியது. நிலையத்தின் குடியிருப்பில் இருந்தவர்கள்தான் அலையில் செத்தார்கள், பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த புதிய உலையின் அடித்தளக் குழியும் நிரம்பியது.

ஏழு வருடத்துக்குள், 2011 மார்ச் 11 அன்று புகுஷிமாவில் அதே பரீட்சை. நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே அணைந்தன. அந்தப் பிள்ளை சொன்ன ஓஃப் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்தது. வெளியிலிருந்து வரும் மின்கம்பிகள் அறுந்தன, டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. அதுவும் சரி. ஐம்பது நிமிடம் கழித்து 14, 15 மீற்றர் உயர அலை வந்தது. நிலையம் தாங்கும் என்று கணித்திருந்தது 6 மீற்றருக்கும் குறைவு. ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை நிலக்கீழ் அறையில் இருந்தன. மூழ்கின. முதலாவது உலையின் எரிபொருள் அன்றிரவே உருகத் தொடங்கிவிட்டது. மறுநாள் பிற்பகல் கட்டடம் வெடித்தது. அதே வளாகத்தில் ஆறாவது உலைக்கு இருந்த ஒரு ஜெனரேட்டர் மட்டும் சற்று மேட்டில், காற்றால் குளிரும் வகை. அது தப்பியது, அது தந்த மின்சாரத்தில் ஐந்தாவதும் ஆறாவதும் தப்பின.

நிலநடுக்க மையத்துக்குப் புகுஷிமாவைவிடக் கிட்ட இருந்தது ஒனகாவா என்ற நிலையம். அதைக் கட்டும்போதே நிலத்தைக் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 15 மீற்றர் உயரத்தில் எடுத்திருந்தார்கள். வெளியிலிருந்து வரும் ஐந்து மின்பாதைகளில் ஒன்று அறாமல் நின்றது. உலைகள் அமைதியாகக் குளிர்ந்தன. வீடிழந்த ஊர்ச்சனம் அந்த நிலையத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில்தான் வந்து தங்கியது. ஒரே அலை, ஒரே நாடு. வித்தியாசம் மேட்டிலும், ஒரு கம்பியிலும், ஜெனரேட்டரை எங்கே வைத்தார்கள் என்பதிலும் இருந்தது. இதை வேண்டும் என்ற பக்கமும் தன் சாட்சியாக எடுக்கலாம், வேண்டாம் என்ற பக்கமும் எடுக்கலாம். நான் விவாதத்தில் நடுவராக இருந்தால், ஒனகாவாவைச் சொல்கிறவர் கல்பாக்கத்தையும் புகுஷிமாவையும் சேர்த்துச் சொன்னால்தான் புள்ளி கொடுப்பேன்.

அந்தக் கம்பியைப் பற்றி இன்னும் கொஞ்சம். அணுமின் நிலையம் மின்சாரம் தருகிற இடம் என்று நினைக்கிறோம். அதுவே அணைந்தால் மின்சாரம் கேட்கிற இடமாக மாறும், பம்புகளுக்காக. ஆகவே வெளியே உள்ள மின்வலையமைப்பு எவ்வளவு உறுதியானது என்பது உலையின் பாதுகாப்புக்குள்ளேயே அடங்கும் விஷயம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை அளவில் நாடு முழுக்கக் கரண்ட் போனது யாருக்கும் மறந்திருக்காது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொன்னார், உலகமே சிரித்தது. குரங்கை விடுங்கள், ஒரு நாள் சிரிப்பு அது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தேவை குறைவு, வெயில் என்பதால் சூரிய மின்சாரம் மிக அதிகம், அதைத் தாங்கிப் பிடிக்கிற கனமான சுழலிகள் குறைவாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் விழுந்த அடியை வலையமைப்பால் வாங்க முடியவில்லை. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் விழுந்தன, அவை திரும்பி எழும்ப நாட்கள் எடுத்தன, அடுத்தடுத்த நாள் ஒன்றரை மணித்தியாலம் என்று மின்வெட்டு வந்தது.

வலையமைப்புக்காரர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. ஒரு தனி அலகு மொத்தத் தேவையில் பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது, ஏனென்றால் அது திடீரென விழுந்தால் மற்றவை அந்த இடத்தை நிரப்ப வேண்டும். இலங்கையின் உச்சத் தேவை 2,800 மெகாவாட்டுக்குச் சற்று முன்பின். அந்தக் கணக்குப்படி 300 மெகாவாட்டே விளிம்பில் நிற்கிறது. கூடங்குளத்தில் இருப்பது போன்ற 1,000 மெகாவாட் உலையைக் கொண்டுவந்து வைக்கவே முடியாது. அதனால்தான் சிறிய உலைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். சிறிய உலையின் சிதைவு வெப்பமும் சிறிது. அது நல்லது. ஆனால் சிறிய உலைகளில் உண்மையில் ஓடிக் காட்டியவை உலகத்தில் விரல்விட்டு எண்ணலாம். ரஷ்யாவின் வடகோடியில் பெவெக் துறைமுகத்தில் 2020 முதல் மிதந்துகொண்டு மின்சாரம் தரும் கப்பலில் இருப்பவை தலா 35 மெகாவாட் கொண்ட இரண்டு.

கம்பி போனால் டீசல். டீசல் என்றதும் எனக்கு 2022 தான் ஞாபகம் வருகிறது. பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு, எரிபொருள் வரிசையில் இரவு முழுக்க மோட்டார் சைக்கிளோடு படுத்துக் கிடந்தது, கப்பல் வந்தும் டொலர் இல்லாமல் இறக்க முடியாமல் வெளிக்கடலில் நின்றது. அதே ஆண்டில்தான் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு ஒன்று வந்து, அணுமின்னுக்கு இந்த நாட்டின் அடிப்படை ஏற்பாடுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஆராய்ந்துவிட்டுப் போனது. நிலையங்கள் சில நாட்களுக்குத் தேவையான டீசலை உள்ளேயே வைத்திருக்கும், வரிசையில் நிற்காது. இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விதான்.

கழிவைப் பற்றிய பயமும் இந்தச் சூட்டோடுதான் தொடங்குகிறது. அந்த ஏழு தொன்னையும் தண்ணீர்த் தாங்கிக்குள் போட்டு மூடிவைக்க முடியாதது ஏன்? முதலாவது, ஒன்றோடொன்று நெருக்கிவைத்தால் சூடு போக இடமிருக்காது. இரண்டாவது, பக்கத்தில் நிற்கிற ஆள் சாவான். ஆகவே வெளியே எடுத்த கோல்களை 12 மீற்றர் ஆழமுள்ள குளத்தில் இறக்குகிறார்கள். கோலுக்கு மேலே ஏழு மீற்றர் தண்ணீர் இருந்தால் கரையில் நின்று எட்டிப் பார்க்கலாம், தண்ணீரே தடுப்புச் சுவர். ஒரு வருடம் கழித்து, ஒரு தொன் எரிபொருள் விடும் சூடு பத்துக் கிலோவாட் அளவு, ஏழு எட்டு மின்கேத்தல் ஒன்றாகக் கொதிப்பது போல. பத்து வருடம் கழித்து ஒரு தொன்னுக்கு ஒரு கேத்தல். அந்த நிலைக்கு வந்த பிறகு பம்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். உருக்கும் கொங்கிரீட்டும் கொண்டு நூறு தொன்னுக்கு மேல் நிறையுள்ள பீப்பாய்க்குள் வைத்து, முற்றத்தில் நிறுத்தினால் காற்றுப் பட்டே குளிரும்.

இதில் ஒரு வித்தியாசம் பலருக்குத் தெரியாது. புகுஷிமாவில் நான்காவது உலையின் குளத்தில் 1,331 பழைய எரிபொருட் கட்டுகள் இருந்தன. கட்டடம் வெடித்ததும், குளம் வற்றிவிடுமோ என்ற பயத்தில்தான் உலகம் பல நாள் தூங்காமல் இருந்தது. வற்றவில்லை. 2014 கடைசிக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அதே வளாகத்தில் ஒன்பது உலர் பீப்பாய்களும் இருந்தன, உள்ளே 408 கட்டுகள். அந்தக் கட்டடத்துக்குள்ளும் கடல் புகுந்தது, பீப்பாய்கள் சேற்றில் நின்றன. ஒன்றுமே நடக்கவில்லை. ஆகவே கழிவு எவ்வளவு என்று கேட்பதைவிட, எவ்வளவு குளத்தில் இருக்கிறது, எவ்வளவு பீப்பாயில் இருக்கிறது என்று கேட்பது புத்தி. செலவு குறையும் என்று குளத்திலேயே நெருக்கிவைக்கிற பழக்கம் பல நாடுகளில் உண்டு. என் கணக்கில் அதுதான் உண்மையான அபாயம்.

பீப்பாய் ஐம்பது, நூறு வருடத்துக்குச் சரி. அதன்பிறகு? பிளவுத் துண்டுகளில் முக்கியமான சீசியமும் ஸ்ட்ரொன்சியமும் 30 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும், முந்நூறு வருடத்தில் ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆனால் உலைக்குள் யுரேனியத்திலிருந்து உருவாகும் புளுத்தோனியத்தின் அரைவாழ்வுக்காலம் 24,100 வருடம். கோணேசர் கோயிலின் கல்வெட்டுகளை வாசிக்கவே நமக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது, அதுவும் ஆயிரம் வருடத்துக்குள். பின்லாந்துக்காரர்கள் ஒல்கிலுவொட்டோ என்ற இடத்தில் 400 மீற்றருக்கு மேல் ஆழத்தில், நூற்றெண்பது கோடி வருடப் பழைய பாறைக்குள் ஒன்கலோ என்ற சுரங்கத்தைத் தோண்டியிருக்கிறார்கள். எரிபொருளைச் செப்புக் கலத்தில் அடைத்து, தண்ணீர் பட்டால் ஊதும் களிமண்ணால் சுற்றிப் புதைப்பது திட்டம். உள்ளூர்ச் சபை சம்மதித்த பிறகே தோண்டினார்கள். அமெரிக்காவோ 1987 இல் யக்கா மலையைத் தெரிவு செய்து, பில்லியன்கள் செலவழித்து, அந்த மாநிலம் ஒத்துக்கொள்ளாததால் 2010 அளவில் நிறுத்திவிட்டது. பாறை தயாராக இருந்தும் மனுசர் தயாராக இல்லை.

சின்ன நாடுகளுக்கு இன்னொரு வழி உண்டு. பங்களாதேஷ் ரூப்பூரில் ரஷ்யா உலை கட்டுகிறது, பழைய எரிபொருளை ரஷ்யாவே திருப்பி எடுக்கும் என்று 2017 இல் உடன்படிக்கை செய்தார்கள். நமக்கும் அப்படி ஒன்று கிடைக்கலாம். என்றாலும் முதல் சில வருடம் அது இங்கேதான் குளத்தில் கிடக்கும், சூடாக இருப்பதைக் கப்பலில் ஏற்ற முடியாது. அறுபது வருடத்துக்கு ஓடும் இயந்திரத்துக்கு, அறுபது வருடம் நிலைக்கும் நட்பை நம்பிக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

விபத்தின் விலை எவ்வளவு என்பதிலும் இரண்டு பக்கமும் அவசரப்படுகிறது. புகுஷிமாவில் கதிரியக்கத்தால் நேர்ந்தது என்று ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது, 2018 இல், ஒரு தொழிலாளியின் மரணத்தை. அதே மாகாணத்தில், வீடுவிட்டு வெளியேறியதால், வயோதிபர் விடுதியிலிருந்து இரவோடிரவாக ஏற்றியதால், மருந்து தவறியதால், மனம் உடைந்ததால் செத்தவர்கள் 2,000 பேருக்கு மேல். ஒன்றரை லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். கதிர் கொன்றது ஒருவரைத்தானே என்பது ஒரு பக்கத்து வாதம். உலை இல்லாவிட்டால் அந்த இரண்டாயிரம் பேரும் வீட்டில் இருந்திருப்பார்கள் என்பது மறுபக்கத்து வாதம். இரண்டும் உண்மை. இடப்பெயர்வு என்றால் என்னவென்று சம்பூரிலோ மூதூரிலோ யாருக்கும் புள்ளிவிபரம் காட்ட வேண்டியதில்லை.

அப்புறம் மீன். புகுஷிமாவின் கரையோர மீனவர்கள் தாங்களாகவே தொழிலை நிறுத்தினார்கள், பிறகு பரிசோதித்துப் பரிசோதித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்டில், உருகிய எரிபொருளைக் குளிர்வித்த தண்ணீரை வடிகட்டிக் கடலில் விடத் தொடங்கியதும் சீனா ஜப்பானியக் கடலுணவை முழுதாகத் தடைசெய்தது. தண்ணீரில் மீதமிருந்த திரித்தியம் என்ற கதிரியக்க ஐதரசன் சர்வதேச எல்லைக்குள் மிகக் குறைவாகவே இருந்தது. சந்தைக்கு அந்த எண் பொருட்டில்லை. நம் மீன்வாடியில் சூரைக்கும் பாரைக்கும் விலை பேசுகிறவர், எண்ணைப் பார்த்தா பேசுவார்?

வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் நாம் வெளியே நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கூடங்குளம் இங்கிருந்து நேர்கோட்டில் 400 கிலோமீற்றருக்குள், மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் இன்னும் கிட்ட. அங்கே 2013 முதல் உலை ஓடுகிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் காற்று அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம்தான் வீசும். அபாயத்தில் ஒரு சின்னப் பங்கு நமக்கு ஏற்கனவே இருக்கிறது, மின்சாரத்தில்தான் பங்கு இல்லை.

என் பக்கம் எது என்று பிள்ளைகள் கேட்டார்கள். காபன் கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை. கழிவின் அளவைக் கண்டும் எனக்குப் பயம் இல்லை, பீப்பாய்க்கு மாற்றிக் கணக்குக் காட்டுகிற நாடாக இருந்தால். நான் தயங்குவது அந்த முதல் ஒரு வாரத்தில். கம்பி, டீசல், தண்ணீர், வீதி, அந்த நேரத்தில் முடிவெடுக்க ஆள். இவை ஐந்தும் நம்மிடம் ஒன்றாக இருந்த ஓர் அனர்த்த நாளை எனக்கு ஞாபகம் இல்லை.

இன்றைய உலைகளை விற்கிறவர்களிடம் இதற்கும் பதில் இருக்கிறது. உலைக்கு மேலேயே தண்ணீர்த் தொட்டியை வைத்துவிடுகிறார்கள். பம்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், ஆளும் தொட வேண்டாம், புவியீர்ப்பே தண்ணீரை இறக்கும். அப்படி 72 மணித்தியாலம் தாங்கும் வடிவமைப்புகள் ஏற்கனவே ஓடுகின்றன. சில சிறிய உலைகள், தண்ணீர் வற்றுவதற்குள் சூடு இறங்கிவிடும், பிறகு காற்றே போதும் என்கின்றன. கூடங்குள உலைகளிலும் காற்றால் தானாகவே சூட்டை இறக்கும் ஏற்பாடு உண்டு. புகுஷிமாவில் இவை இருந்திருந்தால் கதை வேறு என்று நம்பக் காரணம் இருக்கிறது.

இதைச் சொன்னதும் கிண்ணியாப் பிள்ளை திரும்பவும் கையைத் தூக்கினாள். "எழுபத்திமூண்டாவது மணித்தியாலம், சேர்?"

பலகையில் கணக்குப் போட்டோம். மூன்று நாள் கழித்து, அந்த 300 மெகாவாட் உலையில் மூன்று மெகாவாட் அளவு மிச்சம் இருக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பவுசர் போதும். பத்துப் பவுசர் பெரிய விஷயம் இல்லை, நகரசபையும் பிரதேச சபையும் சேர்ந்தால் ஒப்பேற்றலாம் என்று ஒருவன் சொன்னான். சரி, 2004 மார்கழி 29 என்று வையுங்கள், என்றேன். கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை, பாலம் 2009 இல்தான் வந்தது. கடவுப் பாதையில் ஏற்றித்தான் வாகனம் அக்கரைக்குப் போகும். உலை அக்கரையில் இருக்கிறது, பவுசர் இக்கரையில். எந்த வழியால் கொண்டு போவீர்கள்?

வகுப்பில் இருந்த யாரும் அன்றைக்குப் பிறந்திருக்கவில்லை. அவள் கொப்பியில் தேதியை எழுதிக்கொண்டாள். "வாப்பாட்ட கேட்டுட்டு வாறன் சேர். அவர் அண்டைக்கு அங்கதான் நிண்டவர்."